பேஸ்புக்கை அழிக்கும் முன் கேமைக் காப்பாற்றிய விதம்

செந்தூலில் இருக்கும் என் அக்கா பேஸ்புக் கணக்கை அடியோடு அழிக்க முடிவெடுத்தார். ஆனால் அவர் வருடக்கணக்காக ஆடும் பஸில் கேமுக்குள் நுழைவதும் அதே பேஸ்புக் வழியாகத்தான். "தம்பி, காசு கொடுத்து வாங்கின ஜெம்ஸ் எல்லாம் போயிடுமா?" என்று கேட்டார்.

பேஸ்புக்கிடம் ஜெம்ஸும் இல்லை, லெவலும் இல்லை. அவை கேம் நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன, பணம் கட்டிய கணக்கு கூகுள் பிளேயில் இருக்கிறது, பேஸ்புக் வெறும் சாவி. ஆனால் சாவி போனால் உள்ளே போக வழியில்லை. அதே மின்னஞ்சலில் புது பேஸ்புக் திறந்தாலும் பயனில்லை, ஏனென்றால் ஒவ்வொரு கேமுக்கும் பேஸ்புக் நமக்கென்று ஓர் எண்ணைக் கொடுக்கிறது, புதுக் கணக்குக்குப் புது எண், கேம் நம்மைப் புது ஆளாகத்தான் பார்க்கும்.

அதனால் முதலில் கேமின் செட்டிங்ஸில் இருந்த பிளேயர் ஐடியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, அக்காவின் கூகுள் கணக்கையும் அதோடு இணைத்தோம். இங்கேதான் கவனம் வேண்டும். அந்தக் கூகுள் கணக்கில் அவர் என்றோ ஆடிய பழைய ஆட்டம் ஒன்று கிடந்தது. லெவல் 6-ஆ, லெவல் 812-ஆ, எதை வைத்துக்கொள்வது என்று திரையில் கேட்டது. அவசரத்தில் 6-ஐ அழுத்தினால் மற்றது போய்விடும், நிறுத்தி நிதானமாகப் படித்துவிட்டு 812-ஐத் தேர்ந்தெடுத்தோம். அப்புறம் என் போனில் கேமைப் போட்டு, கூகுள் வழியாக நுழைந்து, ஐடி அதேதானா என்று பார்த்தோம். அதேதான், ஜெம்ஸும் குறையவில்லை.

வாங்கியவற்றில் ஒரு வித்தியாசம் உண்டு. விளம்பரத்தை நீக்க ஒருமுறை கட்டிய பணம் கூகுள் பிளே கணக்கோடு ஒட்டியது, புதிதாக ஆரம்பித்தாலும் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். ஜெம்ஸ் அப்படியில்லை, செலவாகும் பொருள் என்பதால் ஆட்டத்தோடு போனால் போனதுதான். கேமுக்குள்ளேயே இருக்கும் Delete account பொத்தான் அழிப்பது அந்த ஆட்டத்தைத்தான், அதைத் தொடவே வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவைத்தேன்.

மாதாமாதம் ரிங்கிட் பிடிக்கும் பாஸ் ஒன்றும் வைத்திருந்தார். பேஸ்புக்கை அழித்தாலும் சரி, கேமையே போனிலிருந்து தூக்கினாலும் சரி, அது நிற்காது. வேண்டாம் என்று அவர் சொன்னதால், கூகுள் பிளேயில் Payments & subscriptions போய் ரத்து செய்தோம். கட்டிய மாதம் முடியும்வரை பாஸ் வேலை செய்தது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பேஸ்புக்கை அழிக்கச் சொன்னோம். 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் உள்ளே நுழைந்தால் அழிப்பதை ரத்து செய்துகொள்ளலாம். அதனால் கேமில் பேஸ்புக் பொத்தானை அழுத்தாமல் கூகுளையே பயன்படுத்தச் சொன்னேன். போனது ஒன்றே ஒன்று, பேஸ்புக் நண்பர்கள் பட்டியல். பினாங்கிலிருந்து தினமும் லைஃப் அனுப்பும் சின்னம்மாவுக்கு அக்கா தன் பிளேயர் ஐடியை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, மறுபடி சேர்த்துக்கொண்டார்.