ஒரே மேடை, வேறு வேறு ஆட்கள்

அப்பாவின் பழைய கணினி, இரண்டு ஹார்ட் டிஸ்க், நாலு பேர் போன். குடும்பப் படங்களில் நகல்களை நீக்கி ஆள்வாரியாகப் பிரிக்கலாம் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டியபோது 18,000 படங்களைத் தாண்டியது. எதையும் தொடும் முன் மொத்தத்தையும் இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து பீரோவில் வைத்தேன். அதுதான் பின்னால் என் தூக்கத்தைக் காப்பாற்றியது.

நகல் தேட Czkawka என்ற இலவச மென்பொருளைப் பிடித்தேன். அதில் Duplicate Files என்ற பகுதி, பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே அச்சு அசலாக ஒன்றாக உள்ள கோப்புகளை மட்டும் காட்டும். யோசிக்கவே தேவையில்லை, ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை அழித்தேன். 5,000 சொச்சம் போனது.

தலைவலி வாட்ஸ்அப் படங்கள்தான். வழக்கமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த தேதி, இடம் எல்லாவற்றையும் உரித்துவிடும். கண்ணுக்கு அதே படம், கணினிக்கு வேறு கோப்பு. அதற்கு Similar Images பகுதி. இது படத்தைத் தம்மாத்துண்டாகச் சுருக்கி, பக்கத்துப் புள்ளியைவிட இந்தப் புள்ளி வெளிச்சமா இருட்டா என்று மட்டும் குறித்துக்கொண்டு, ஹேஷ் எனப்படும் அந்தக் குறிப்புகளை ஒப்பிடுகிறது. முகம் எதுவும் அதற்குத் தெரியாது.

தெரியாமல் நான் ஓரளவு ஒத்திருந்தாலே போதும் என்ற தாராளமான அளவை வைத்து ஓட்டினேன். பெரியதை வைத்துக்கொண்டு மீதியை அழி என்றும் தேர்வு செய்துவிட்டேன். அழிக்கும் பொத்தானுக்குப் போகும்போதுதான் ஒரு குழுவில் 43 படங்கள் இருப்பதைப் பார்த்தேன். வாட்ஸ்அப் நகல் என்றால் இரண்டு மூன்று இருக்கும், 43 எப்படி? திறந்தால் அக்காவின் கல்யாண வரவேற்பு. அதே பூ அலங்காரம், நடுவில் அதே மாப்பிள்ளை பெண். இரு பக்கமும் நிற்பவர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். சுருக்கிப் பார்த்தால் எல்லாம் ஒரே படம்தான். அழுத்தியிருந்தால் மொத்த உறவுமுறையும் போய், ஒரு குடும்பம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

அப்புறம் ஹேஷ் அளவை 8-இலிருந்து 32-க்கு ஏற்றி, அனுமதிக்கும் வித்தியாசத்தைக் குறைத்தேன். கல்யாணக் கோப்புறைகளை வெளியே எடுத்தேன். குழுவுக்குள்ளும் பெயரில் வாட்ஸ்அப் போடும் `-WA` இருப்பவற்றை மட்டும் தேர்ந்தேன், அதுவும் அதைவிடப் பெரிய அசல் பக்கத்தில் இருந்தால்தான். அசல் தொலைந்துபோய் வாட்ஸ்அப் பிரதி மட்டும் மிஞ்சிய படங்கள் நிறைய இருந்தன. குழந்தை ஓடும்போது தொடர்ச்சியாக எடுத்தவற்றைக் கையால்தான் பார்த்தேன். அழித்ததெல்லாம் குப்பைத்தொட்டிக்கே போகும்படி வைத்தேன்.

ஆள்வாரியாகப் பிரிக்க digiKam என்ற மென்பொருள். ஒவ்வொருவருக்கும் சில முகங்களுக்குப் பெயர் கொடுத்தால் மற்றவற்றை அதுவே ஊகித்து நம்மிடம் உறுதி கேட்கும். பையனின் ஒரு வயது முகமும் ஆறு வயது முகமும் அதற்கு இரண்டு பேர். சித்தியை எல்லாம் அம்மா என்றது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினாள். ஸ்கேன் செய்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் மட்டும் கொஞ்ச நேரம் தயங்கி, "இது நானா அவளான்னு எனக்கே தெரியலைடா" என்றாள்.