மத்தியானத்தில் மட்டும் கெட்டுப்போன சீரியல் லைன்

யூஆர்ட் தொடர்பில் கடிகாரத்துக்கென்று தனி வயர் கிடையாது. அனுப்புகிற சிப்பும் வாங்குகிற சிப்பும் தங்கள் தங்கள் கடிகாரத்தை நம்பியே வேலை செய்கின்றன. இரண்டுக்கும் உடன்பாடு உண்டாவது ஒரே ஒரு நொடியில்தான், லைன் ஹையிலிருந்து லோவுக்கு விழும் ஸ்டார்ட் பிட்டின் விளிம்பில். அங்கிருந்து எட்டு டேட்டா பிட்டும் ஸ்டாப் பிட்டும் முடியும்வரை வாங்குகிறவர் மனக்கணக்காக நேரத்தை எண்ணி, ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் லைனைப் பார்த்துக்கொள்கிறார். அந்தக் கணக்கு சற்றுப் பிசகினால் என்ன ஆகும் என்பதை எனக்கு முழுதாகப் புரியவைத்தது கோவையில் நான் பார்த்த ஒரு பம்ப் கண்ட்ரோல் பேனல் வேலை.

பேனலுக்குள் ஏடிமெகா328பி சிப் இருந்தது. கிரிஸ்டல் கிடையாது, சிப்புக்குள்ளேயே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆர்சி ஆஸிலேட்டரில் ஓடியது. மோட்டாரின் வோல்டேஜ், கரண்ட் அளவுகளை 9600 பாட் ரேட்டில் இன்னொரு டிஸ்ப்ளே யூனிட்டுக்கு அனுப்ப வேண்டும். டிஸ்ப்ளேயில் கிரிஸ்டல் இருந்தது. எங்கள் மேசையில் எல்லாம் நன்றாகவே ஓடியது. தகரக் கூரைக்குக் கீழே மாட்டிய பிறகு அங்கிருந்த டெக்னீஷியன் போன் செய்தார். "சார், காலைல சரியா வருது. வெயில் ஏறினா நம்பரெல்லாம் கன்னாபின்னான்னு வருது. சாயங்காலம் தானா சரியாயிடுது."

நேரத்தோடு வந்து போகும் கோளாறு என்றால் சூட்டைச் சந்தேகப்படலாம். சூடு எதை மாற்றுகிறது என்று தெரிய வேண்டும். கேபிளிலோ கனெக்டரிலோ தொடர்பு விட்டுப்போகிறதா, இல்லை கடிகாரமே நகர்கிறதா? இதைப் பிரித்தறிய ஆஸிலோஸ்கோப் ஒன்று போதும். ஆனால் எதை அனுப்பி எங்கே அளக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதே மாதிரி போர்டு ஒன்றில், பத்து மில்லி செகண்ட் இடைவெளி விட்டு `U` என்ற எழுத்தை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பும் சின்ன ப்ரோகிராமைப் போட்டோம். `U` என்பது 0x55. யூஆர்ட்டில் மதிப்பு குறைந்த பிட் முதலில் போகும். அதனால் ஸ்டார்ட் பிட்டுடன் சேர்த்து லோ, ஹை, லோ, ஹை என்று ஒவ்வொரு பிட்டிலும் லைன் மாறிக்கொண்டே வரும். இடைவெளி விடுவது முக்கியம். `U` விடாமல் வந்தால் திரையில் முடிவில்லாத ஒரு ஸ்கொயர் வேவ்தான் தெரியும், ஃப்ரேம் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ட்ரிக்கரை விழும் விளிம்பில் வைத்து, ஹோல்ட்ஆஃபை ஒரு ஃப்ரேமின் நீளத்தைவிட அதிகமாக, 2 மில்லி செகண்டுக்கு வைத்தால் படம் ஸ்டார்ட் பிட்டில் போய் நிலையாக நிற்கும்.

அளப்பதற்கு நிறையப் பேர் ஒரு பிட்டின் அகலத்தை எடுக்கிறார்கள். 9600-ல் ஒரு பிட் 104.17 மைக்ரோ செகண்ட். கர்சர் 2 மைக்ரோ செகண்ட் தள்ளிப்போனாலே 2 சதவீதப் பிழை, நாம் தேடுகிற பிழையும் அதே அளவுதான். இன்னொரு சிக்கலும் உண்டு. வழியில் ஆப்டோகப்ளர் இருந்தால் லைன் விழுவது சட்டென்று நடக்கும், எழுவது மெதுவாக நடக்கும். அப்போது லோ பிட்டுகள் அகலமாகவும் ஹை பிட்டுகள் ஒல்லியாகவும் தெரியும். கடிகாரம் சரியாகவே இருந்தாலும் அது கெட்டது போலத் தோன்றும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: ஸ்டார்ட் பிட் விழும் விளிம்பிலிருந்து கடைசி டேட்டா பிட் விழும் விளிம்பு வரை அளப்பது. இது சரியாக எட்டு பிட், 833.3 மைக்ரோ செகண்ட் வர வேண்டும். இரண்டும் ஒரே வகை விளிம்பு என்பதால் தாமதம் கழிந்துவிடும், கர்சர் பிழையும் எட்டில் ஒன்றாகக் குறையும்.

அறை வெப்பத்தில் 808 வந்தது. அதாவது ஒரு பிட் 101 மைக்ரோ செகண்ட், சுமார் 3.1 சதவீதம் வேகம். ஹேர் ட்ரையரால் போர்டைச் சூடாக்கியதும் அளவு மெல்லக் குறைந்து 784-க்கு வந்தது. பிட் 98, வேகம் 6.3 சதவீதம் அதிகம்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாங்குகிறவர் எட்டாவது டேட்டா பிட்டைப் பார்ப்பது ஸ்டார்ட் விளிம்பிலிருந்து எட்டரை பிட் தள்ளி, அவர் கடிகாரத்தில் 885 மைக்ரோ செகண்டில். சூடான போர்டில் அந்த பிட் 882-லேயே முடிந்துவிடுகிறது. அதனால் அவர் பார்ப்பது எட்டாவது பிட்டை அல்ல, அதற்கடுத்த ஸ்டாப் பிட்டை. அது எப்போதும் ஹை. இலக்கங்களுக்கும் ஆங்கில எழுத்துகளுக்கும் எட்டாவது பிட் சுழியம், அது இங்கே ஒன்றாக மாறிவிடுகிறது. எழுத்துகளுக்கிடையே இடைவெளி விட்டு `415` என்று அனுப்பியபோது டெர்மினலில் `34 31 35` வருவதற்குப் பதில் `B4 B1 B5` வந்தது. கேபிள் கோளாறு இவ்வளவு ஒழுங்காகத் தப்புப் பண்ணாது.

இடைவெளி இல்லாமல் அனுப்பினால் நிலைமை இன்னும் மோசம். ஸ்டாப் பிட்டைப் பார்க்க வேண்டிய நேரம் 990, ஆனால் 980-லேயே அடுத்த எழுத்தின் ஸ்டார்ட் பிட் தொடங்கிவிட்டது. ஹை இருக்க வேண்டிய இடத்தில் லோ. ஃப்ரேமிங் எரர். அடுத்த ஸ்டார்ட் விளிம்பும் தவறிப்போய், பின்னால் வருவதெல்லாம் குப்பையாகிறது. டெக்னீஷியன் கன்னாபின்னா என்று சொன்னது இதைத்தான்.

அனுப்புகிறவர் மெதுவாக இருந்தால் அறிகுறி வேறு. ஸ்டாப் பிட்டைப் பார்க்கும் நேரத்தில் எட்டாவது பிட்டே இன்னும் முடிந்திருக்காது. எழுத்து சரியாகவே வந்திருக்கும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஃப்ரேமிங் எரர் விழும். எட்டாவது பிட் ஒன்றாக உள்ள பைட்டுகள் மட்டும் அதில் தப்பிவிடும். இந்த வித்தியாசம் தெரிந்தால், ஸ்கோப் கைக்கு வருவதற்கு முன்பே பிழை எந்தத் திசையில் என்று ஊகித்துவிடலாம்.

எங்கள் குழுவில் சிலர் ஸ்டாப் பிட்டை இரண்டாக்கச் சொன்னார்கள். அது அடுத்த ஸ்டார்ட் பிட்டைத் தள்ளிப்போடும், ஃப்ரேமிங் எரர் நிற்கும். எட்டாவது பிட் கெடுவதை அது தடுக்காது.

மேசையில் ஓடியதே என்பதில் ஏமாறக்கூடாது. இந்தச் சிப்பின் டேட்டாஷீட், எட்டு பிட் ஃப்ரேமுக்கு வாங்கும் பக்கத்தில் ஏறக்குறைய 4.5 சதவீதம் வரை தாங்கும் என்கிறது, ஆனால் 2 சதவீதத்துக்குள் நிற்கச் சொல்கிறது. தொழிற்சாலையில் செய்த காலிப்ரேஷனோ 10 சதவீதம் வரை தள்ளியிருக்கலாம். எங்கள் போர்டு அறை வெப்பத்திலேயே 3.1-ல் நின்றது.

ஏற்கெனவே மாட்டிய போர்டுகளில், ஆர்சி ஆஸிலேட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் `OSCCAL` ரெஜிஸ்டரைத் திருத்தினோம். சூடானால் வேகம் மூன்று சதவீதம் போல ஏறும் என்று தெரிந்துவிட்டதால், அறை வெப்பத்தில் சரியாக 833 வரவைக்கவில்லை. வேண்டுமென்றே 846-ல், அதாவது ஒன்றரை சதவீதம் மெதுவாக வைத்தோம். சூட்டில் அது 820 பக்கம் போகும், இரண்டு முனையும் 2 சதவீதத்துக்குள் அடங்கும். ஒவ்வொரு போர்டுக்கும் மதிப்பு வேறு, அதனால் அதை ஈப்ராமில் எழுதி, பவர் வந்ததும் படிப்படியாக இறக்கினோம்.

```c
uint8_t c = eeprom_read_byte((const uint8_t *)0);
if (c != 0xFF)
    while (OSCCAL > c) OSCCAL--;
```

`0xFF` என்றால் ஈப்ராமில் இன்னும் எதுவும் எழுதவில்லை என்று பொருள், அப்போது தொடக்கூடாது.

அடுத்து வந்த போர்டில் 7.3728 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டோம். அதை 16-ஆலும் 9600-ஆலும் வகுத்தால் மிச்சமில்லாமல் 48 வரும். ஹேர் ட்ரையரை எவ்வளவு நேரம் காட்டினாலும் ஸ்கோப்பில் 833-ஐ விட்டு நகரவில்லை.