ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க

ஏற்றுமதிக்கான ஜிஎஸ்டி ரீஃபண்ட் பற்றி நான் போட்ட வீடியோவில் கணக்கை முழுசாகவே காட்டியிருந்தேன். வரி கட்டாமல், எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதத்தின் பேரில் அனுப்பிய ஏற்றுமதி 80 லட்சம், உள்ளூர் விற்பனை 20 லட்சம், வாங்கும்போது கட்டியதில் ரீஃபண்டுக்குத் தகுதியான உள்ளீட்டு வரி 5 லட்சம் என்றால், 5 லட்சத்தில் நூற்றுக்கு 80 பங்கு, அதாவது 4 லட்சம் கேட்கலாம். மெஷின் வாங்கிய வரி இந்த 5 லட்சத்தில் வராது என்றும் சொல்லியிருந்தேன். சட்டத்தில் இருப்பதை மறைத்து வைத்து என்ன ஆகப்போகிறது?

அதைப் பார்த்துவிட்டு அவிநாசிப் பக்கமிருந்து ஒரு பனியன் கம்பெனிக்காரர் கூப்பிட்டார்.

"நல்லாப் புரிஞ்சுதுங்க மேடம். என்ற 2B-யை அனுப்பறனுங்க, சும்மா ஒரு பார்வை பார்த்துச் சொல்லிருங்க."

"அந்தப் பார்வைக்குத்தானுங்கண்ணா ஃபீஸ்."

"அப்ப நானே போட்டுக்கறனுங்க" என்று வைத்துவிட்டார்.

நான் சொன்னது நியாயம்தான். GSTR-2B என்பது நாம் வாங்கிய பில்களுக்கு ஜிஎஸ்டி போர்ட்டல் தருகிற பட்டியல். அதில் சப்ளையர் பெயர், பில் எண், வரித்தொகை இருக்கும். எது மெஷின், எது உதிரிபாகம் என்று அதில் தெரியாது. தெரிந்தாலும் போதாது. ஒரு பொருள் ரீஃபண்ட் கணக்கில் சேராத மூலதனப் பொருளா என்பதை, அதன் மதிப்பு கணக்குப் புத்தகத்தில் சொத்தாக ஏறியிருக்கிறதா என்பதை வைத்துத்தான் சட்டம் முடிவு செய்கிறது. மோட்டார் பில்லை ரிப்பேர் செலவில் எழுதியிருந்தால் ஒரு மாதிரி, மெஷினோடு சேர்த்துச் சொத்தில் எழுதியிருந்தால் வேறு மாதிரி. பில் பில்லாக லெட்ஜரோடு ஒத்துப் பார்க்கிற வேலை அது. அதைச் சும்மா செய்தால் அப்புறம் எதற்குக் காசு வாங்குவது?

அவர் தானே போட்டார். மெஷின் என்று எழுதியிருந்த பில்களை மட்டும் ஒதுக்கிவிட்டு, சொத்தில் ஏறியிருந்த மோட்டார், டேபிள் செட் பில்களைச் சேர்த்துவிட்டார். என் உதாரணக் கணக்கிலேயே சொன்னால், 1 லட்சம் வரி கூடுதலாகச் சேர்ந்தால் ரீஃபண்ட் 4,80,000 என்று காட்டும். 80,000 அதிகம். ரீஃபண்டை ஏன் மறுக்கக் கூடாது என்று கேட்டு RFD-08 நோட்டீஸ் வந்தது, பதில் சொல்ல 15 நாள். அந்தப் பதிலை எழுத என்னிடமே வந்தார். முதலில் சொன்ன ஃபீஸை விட அது அதிகம். வாங்கிக்கொண்டேன். வேலையும் அதிகம்தானே.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை. பில்களைப் பார்க்க வேண்டாம், "சொத்துப் பட்டியலையும் பார்த்துக்குங்கண்ணா" என்று போனிலேயே ஒரு வரி சொல்லியிருக்கலாமோ? சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி என்று போயிருக்கும். போகாமலும் இருந்திருக்கலாம்.

இப்போது வீடியோவில் அந்த வரியைச் சேர்த்துவிட்டேன். காசுக்கு என்று வைத்திருந்ததில் ஒரு துண்டு வெளியே போனது. கூப்பிடுகிறவர்கள் சிலர் 2B-யோடு சொத்துப் பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். அவர்களும் ஒரு பார்வைதான் கேட்கிறார்கள்.