ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தை வைத்து எவ்வளவு தூரம் பேசலாம்?

வன்னியில் ஆரம்பப் பிரிவு மட்டும் உள்ள சின்னப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் வகுப்புகளை விட ஆசிரியர்கள் குறைவு. ஐந்து தரத்துக்கு மூன்று பேர் இருந்தால் இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு தரத்தைச் சேர்த்து எடுக்க வேண்டும். பல்தர வகுப்பு என்பது இதைத்தான். சேர்த்து எடுக்கச் சொன்னாலும் பல இடங்களில் நடப்பது வேறு: ஒரே அறைக்குள் இரண்டு வகுப்பு, ஒரு பக்கத்துக்குப் படிப்பிக்கும்போது மற்றப் பக்கம் பார்த்தெழுதிக்கொண்டிருக்கும். ஏன் இப்படி என்று யாரைக் கேட்டாலும் "பயிற்சி போதாது" என்ற ஒரே பதில்தான் வரும். கல்வி முதுமாணிக்கு நான் எடுத்த ஆய்வு இந்தப் பதிலைப் பற்றியது. ஒரே பள்ளிக்கூடத்தை மட்டும் எடுத்து ஆழமாகப் பார்க்கிற விடய ஆய்வு.

பள்ளிக்கூடம் தெரிவு செய்வதில்தான் நிறைய நாள் போனது. எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் சொன்னது காட்டுக்கரையோரம் இருக்கிற, கட்டடமும் சரியில்லாத, ஆசிரியர்கள் தூர இடத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற பள்ளிக்கூடத்தை எடு, எழுத நிறைய இருக்கும் என்று. எழுத இருக்கும், உண்மைதான். ஆனால் எல்லாக் குறையும் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் எந்தக் குறை எதைச் செய்கிறது என்று எப்படிப் பிரிப்பது? பயிற்சியும் இல்லை, ஆசிரியர் வரவும் ஒழுங்கில்லை, தளபாடமும் இல்லை என்ற இடத்தில் வகுப்பு பிரிந்து கிடந்தால் அதற்கு எதையும் காரணமாகச் சொல்லிவிடலாம். இன்னொன்று, வன்னி என்றால் எல்லாவற்றையும் 2009க்குக் கொண்டுபோய் முடிக்கிற பழக்கம் ஒன்று எங்களிடம் இருக்கிறது, அப்படியான பள்ளிக்கூடம் அதற்கு வசதியாகப் போய்விடும்.

அதனால் எதிர்ப்பக்கமாகத் தேடினேன். பல்தரக் கற்பித்தலில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், அதுவும் ஊரிலேயே இருப்பவர்கள், இடையூறு செய்யாத அதிபர், போதுமான இடம். வகுப்பைப் பிரித்து எடுப்பது நடக்கவே வாய்ப்பில்லாத பள்ளிக்கூடம் என்று கல்வி வலயத்தில் இருப்பவர்களே சொல்லக்கூடிய ஒன்று. டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் பென்ட் ஃப்ளூபியர் 2006இல் எழுதிய கட்டுரையில் தீர்க்கமான விடயம் என்று சொல்வது இந்த மாதிரித் தெரிவைத்தான். நடக்க வாய்ப்பே குறைந்த இடத்தில் ஒன்று நடந்தால், அதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் ஆட்டம் காணும். இங்கேயும் பிரித்துத்தான் எடுக்கிறார்கள் என்றால் பயிற்சி கொடுத்துவிட்டால் போதும் என்று சொல்ல முடியாது. பிரிக்கவில்லை என்றால் பயிற்சிக் கதைக்கு ஆதரவு கூடும். இரண்டில் எது வந்தாலும் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கும் என்பதால் மேற்பார்வையாளரும் ஒத்துக்கொண்டார்.

வலயக் கல்விப் பணிப்பாளரின் அனுமதி, அதிபரின் சம்மதம் எல்லாம் கொஞ்சம் இழுபட்டு வந்தன, அதை விடுவோம். வகுப்பில் நான் செய்தது எளிமையான வேலை. பின் வாங்கில் இருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு தரமும் என்ன செய்கிறது என்று ஒரு தாளில் குறித்தேன்: ஆசிரியருடன் படிக்கிறது, தானாக வேலை செய்கிறது, இரண்டு தரமும் சேர்ந்து ஒன்று செய்கிறது, சும்மா இருக்கிறது. ஆனால் வெளியாள் ஒருவர் பின்னால் இருந்தால் எந்த ஆசிரியரும் கொஞ்சம் ஒழுங்காக எடுப்பார், அது இயல்பு. அதைப் பிடிக்கப் பிள்ளைகளின் கொப்பிகள் உதவின. நான் போகாத நாட்களின் பக்கங்களைப் புரட்டினால் நாலாம் தரக் கொப்பியில் பாடப்புத்தகத்தைப் பார்த்தெழுதிய பக்கங்கள், பல திருத்தப்படாமலே இருந்தன. அதே திகதியில் ஐந்தாம் தரக் கொப்பியில் மாதிரி வினாத்தாள், ஒவ்வொரு விடைக்கும் சிவப்புப் பேனை.

ஆக இங்கேயும் பிரித்துத்தான். ஆனால் எல்லா அறையிலும் இல்லை. முதலாம், இரண்டாம் தரங்களைச் சேர்த்து எடுத்த ஆசிரியை உண்மையிலேயே சேர்த்துத்தான் எடுத்தார், பாட்டு, விளையாட்டு, எண்ணல் எல்லாம் கலந்த குழுக்களாக. நாலும் ஐந்தும் இருந்த அறையில்தான் கோடு விழுந்திருந்தது. காரணம் ஐந்தாம் தரப் பிள்ளைகள் எழுதுகிற புலமைப்பரிசில் சோதினை, அதை அந்த ஆசிரியரே மறைக்காமல் சொன்னார்: "சேர், புலமைப்பரிசில் சோதினை முடியும் மட்டும் நாலாம் ஆண்டுப் பிள்ளையள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேணும். வெட்டுப்புள்ளிக்கு மேல எத்தினை பேர் எண்டுதானே எல்லாரும் கேப்பினம்."

இதை அப்படியே எடுத்து எழுதியிருந்தால் ஆய்வேடு சீக்கிரம் முடிந்திருக்கும். மேற்பார்வையாளர் விடவில்லை. சின்ன வகுப்புகளின் பாடத்திட்டமே செயற்பாட்டை வைத்து அமைந்தது, அங்கே சேர்த்து எடுப்பது சுகம், அதோடு இரண்டு அறையிலும் ஆசிரியர் வேறு வேறு ஆட்கள், பிறகு எப்படிச் சோதினைதான் காரணம் என்கிறீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் இருந்த ஆண்டில் வருடம் முடியச் சில மாதங்கள் இருக்கையிலேயே சோதினை நடந்து முடிந்துவிட்டதால், அதன் பிறகும் அதே அறைக்குப் போனேன். அதே ஆசிரியர், அதே பிள்ளைகள், அதே பயிற்சி, சோதினை மட்டும் இல்லை. சுற்றாடல் பாடத்தையும் தமிழையும் இரண்டு தரத்துக்கும் சேர்த்து எடுக்கத் தொடங்கியிருந்தார். கணிதம் மட்டும் பழையபடியே பிரிந்து நின்றது. எனக்கு இந்தக் கணிதம்தான் ஆய்வில் பிடித்த பகுதி, ஏனென்றால் சோதினை பாதியைத்தான் விளக்குகிறது என்று அது காட்டியது. பின்னங்களை இன்னும் பிடிக்காத பிள்ளையையும் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்ட பிள்ளையையும் ஒரே பாடத்தில் இருத்துவது பயிற்சி இருந்தாலும் கஷ்டம்.

சரி, இதை வைத்து எவ்வளவு பேசலாம்? வன்னியில் எத்தனை பள்ளிக்கூடங்களில் இப்படி என்று ஒரு சொல்லும் சொல்ல முடியாது, அதற்கு மாதிரி எடுத்து அளவீடு செய்ய வேண்டும். விடய ஆய்வு முறை பற்றி எழுதிய ராபர்ட் யின் இதைத் தெளிவாகப் பிரிக்கிறார்: ஒரு விடயத்திலிருந்து போவது ஒரு விளக்கத்தை நோக்கி, சனத்தொகையை நோக்கி அல்ல. பயிற்சி மட்டும் போதாது என்பதை உறுதியாகச் சொன்னேன், அதற்கு ஒரு பள்ளிக்கூடமே போதும். பயிற்சி பயனில்லை என்று அதற்குப் பொருளில்லை, ஒன்றும் இரண்டும் சேர்ந்த அறையில் அது வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தேன். சோதினை பற்றிய கூற்றைக் கல்வி ஆய்வாளர் மைக்கேல் பாசி சொல்கிற மாதிரி, நடக்கும் என்று அடித்துச் சொல்லாமல் நடக்கக்கூடும் என்று தளர்வாக வைத்தேன்: ஐந்தாம் தரம் இன்னொரு தரத்தோடு சேர்க்கப்பட்டு, அந்த ஆசிரியரை ஊர் புலமைப்பரிசில் முடிவை வைத்து மதிக்கும் இடங்களில், சோதினைக்கு முந்திய மாதங்களில் மற்றத் தரம் பின்தள்ளப்படக்கூடும். ஐந்தாம் தரம் தனியாக நடக்கும் பள்ளிக்கூடத்துக்கு இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை.

இன்னொரு சிக்கல் பெயரை மறைப்பது. வாசிப்பவர் தன் பள்ளிக்கூடத்தோடு ஒப்பிட வேண்டுமானால் விவரம் நிறையக் கொடுக்க வேண்டும், ஆனால் இங்கே ஊரின் பெயரைக்கூடச் சொல்லத் தேவையில்லை, ஆசிரியர் எத்தனை பேர், மீள்குடியேறியது எந்த ஆண்டு என்று இரண்டு விவரம் போட்டாலே வலயத்தில் உள்ளவர்கள் எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஆசிரியர் சொன்னது அவருக்கு எதிராகத் திரும்பக்கூடும். அதனால் விளக்கத்துக்குத் தேவையானதை மட்டும் வைத்தேன்: எந்தத் தரங்கள் சேர்ந்தன, ஆசிரியர் எங்கே வசிக்கிறார், என்ன பயிற்சி, முடிவை யார் கேட்கிறார்கள். ஊரின் கதை, கட்டடத்தின் கதை எல்லாவற்றையும் வெட்டினேன். ஆய்வேட்டுக்கான நேர்முகத் தேர்வில் ஒருவர் பின்னணி குறைவாக இருக்கிறதே என்றார். ஏன் வெட்டினேன் என்று சொன்னேன், அந்த விளக்கத்தையே ஆய்வுமுறை அத்தியாயத்தில் ஒரு பந்தியாகச் சேர்க்கச் சொல்லி விட்டுவிட்டார்கள்.