மூடாத மார்ச்

பகாவ் பக்கத்துச் செம்பனை ஆலையில் கணக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. காலாண்டு முடிந்ததும் தோட்டங்கள், ஆலை எல்லாவற்றின் கணக்கையும் சேர்த்துத் தலைமையகத்துக்கு அனுப்பும் ஜாப் ஒன்று இரவில் தானாக ஓடும். பங்குச் சந்தையில் உள்ள குழுமம் என்பதால், காலாண்டு முடிந்த 2 மாதத்துக்குள் புர்சா மலேசியாவுக்கு முடிவை அறிவிக்க வேண்டும். தலைமையகம் அவசரப்படுவதில் நியாயம் உண்டு.

ஒரு ஏப்ரலில் ஜாப் நின்றுவிட்டது. மார்ச் கணக்கு மூடப்படவில்லை, ஜாப் நிறுத்தப்பட்டது என்று சொல்லும் `Period 03 not closed. Job terminated.` என்ற வரி எல்லாக் கிராணிகளுக்கும் மின்னஞ்சலாகப் போனது. அதைப் படித்த ஒரு கிராணி, தன் பதிவுகள் அழிந்துவிட்டதாகப் பயந்து மார்ச் செலவை மறுபடி பதிய ஆரம்பித்துவிட்டார். போன் போட்டு நிறுத்தினோம்.

உண்மையில் எதுவும் கெடவில்லை. மாதம் மூடாமல் ஜாப் ஓடினால், அதற்கப்புறம் மார்ச்சில் யாராவது ஒரு வவுச்சர் போட்டாலும் தலைமையகத்தின் கணக்கும் எங்கள் கணக்கும் வேறுவேறாகிவிடும். அதனால்தான் அது ஓட மறுத்தது.

மார்ச் மூடாததற்குக் காரணம், சிறு தோட்டக்காரர்களிடம் பழம் வாங்கி எங்களுக்கு விற்கும் வியாபாரி ஒருவரின் 84 டன் குலைகள். 31-ஆம் தேதி எடை போட்டு இறக்கியாயிற்று, பில் வரவில்லை. குலை விலை, மலேசிய செம்பனை எண்ணெய் வாரியமான எம்பிஓபி வெளியிடும் மாதச் சராசரி எண்ணெய் விலையையும் பழத்தில் கிடைக்கும் எண்ணெய் விகிதத்தையும் வைத்துப் போடப்படும். விகிதம் 20 சதவீதம் என்றார் வியாபாரி, 19 என்றது ஆலை.

"மார்ச்சை மூடிட்டு பில்லை ஏப்ரல்ல போடலாமே?" என்று தலைமையகத்தில் கேட்டார்கள். பழம் மார்ச்சிலேயே ஆலைக்குள் வந்து எண்ணெயாகிவிட்டது, செலவு மட்டும் எப்படி ஏப்ரலுக்குப் போகும் என்றார் எங்கள் கணக்காளர் அக்கா. எண்ணெய் டன் 4,000 ரிங்கிட் என்று வைத்து அவர் தாளில் போட்டுக் காட்டினார். கொட்டை விலையையும் ஆலைச் செலவையும் விட்டுவிட்டால், 19 சதவீதத்தில் 63,840 ரிங்கிட் வருகிறது. சண்டையில் இருக்கும் அந்த ஒரு சதவீதமோ வெறும் 3,360. ஆகவே 19-க்கு உத்தேசச் செலவாக மார்ச்சில் பதிந்துவிட்டு, பில் வந்ததும் வித்தியாசத்தைச் சரிசெய்வது என்று முடிவானது.

அதற்குள் கிராணிகளுக்கு ஒரு அறிவிப்பு போக வேண்டியிருந்தது. நான் முதலில் காரணத்தை நீளமாக விளக்கியிருந்தேன். அக்கா பாதியை அடித்துவிட்டார்: "தம்பி, அவங்களுக்கு முதல்ல பதிவு பத்திரமா இருக்கான்னுதான் தெரியணும்." கடைசியில் போனது இது:

"உங்கள் மார்ச் பதிவுகள் பத்திரமாக உள்ளன. எதையும் மறுபடி பதிய வேண்டாம். ஆலையின் பழக் கொள்முதல் கணக்கு முடியாததால் காலாண்டு ஜாப் காத்திருக்கிறது. ஆலைக் கணக்காளர் நாளை மாலை 5 மணிக்குள் மார்ச்சை மூடுவார், இரவு ஜாப் ஓடும். விட்டுப்போன மார்ச் வவுச்சர் இருந்தால் நாளை மதியம் 12 மணிக்குள் அவரிடம் சொல்லவும்."

வியாபாரியின் பெயரையும் விகிதச் சண்டையையும் வேண்டுமென்றே விட்டோம். மறுநாள் காலை, விட்டுப்போன உர வவுச்சர் ஒன்றும் வந்து சேர்ந்தது. இப்போதெல்லாம் அந்தத் தானியங்கி மின்னஞ்சல், மாதத்தை மூட வேண்டியவருக்கும் எனக்கும் மட்டும்தான் வருகிறது.