சனிக்கிழமையும் வேலைநாள்தான்

மன்னார்குடி வீட்டுத் திண்ணையில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். இரவு எட்டு பத்து இருக்கும். அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். "மாமா, இங்க வண்டிய வுட்டுட்டுப் போலாமா? சீக்கிரம் சொல்லுங்க."

ஜெர்மனியில் அப்போது சனிக்கிழமை மாலை 4.40. நான் அந்த நாட்டுக்குப் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது, இப்போது ஒரு மாத லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். அவன் போய் நாலு மாதம்கூட ஆகவில்லை. பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான். பின்சீட்டில் தமிழ்க் கடையில் வாங்கிய அரிசி மூட்டை.

படத்தில் ஒரு கம்பம். உச்சியில் நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரே ஒரு சிவப்புக் கோடு. அதன் கீழே இரண்டு வெள்ளைப் பலகைகள். முதல் பலகையில் "werktags 7–18 h", இரண்டாவதில் "Bewohner mit Parkausweis frei". போனின் மொழிபெயர்ப்பில் எடுத்த படத்தையும் சேர்த்தே அனுப்பியிருந்தான். அதில் முதல் பலகை "வேலை நாட்கள் 7–18" என்றும், இரண்டாவது "குடியிருப்பாளர்கள் பார்க்கிங் அட்டையுடன் இலவசம்" என்றும் வந்திருந்தது.

அதை வைத்து அவன் ஒரு கணக்குப் போட்டிருந்தான். சனிக்கிழமை ஆபீஸ் கிடையாது, அதனால் வேலை நாள் இல்லை. அப்படியே வேலை நாளாக இருந்தாலும், குடியிருப்பவர்களுக்கு இலவசம் என்றால் மற்றவர்கள் காசு கட்டி நிறுத்தலாம். டிக்கெட் மெஷின் எங்கே என்று தெருவில் தேடிக்கொண்டிருந்தான். இரண்டு கணக்கும் தப்பு. தப்பு அவன் மேல் இல்லை. அந்த மொழிபெயர்ப்பைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

முதல் பலகையில் இருந்த werktags, வெர்க்டாக்ஸ் என்ற சொல்லைப் பார்த்ததுமே எனக்கு முதல் வருஷத்து ஞாபகம் வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் இதே சொல் எழுதிய பலகையின் கீழே வண்டியை நிறுத்தி, இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினேன். வைப்பர் இடுக்கில் அபராதச் சீட்டு. சாலைப் பலகையில் அந்தச் சொல் திங்கள் முதல் சனி வரை ஆறு நாளையும் குறிக்கும். ஞாயிறும் பொது விடுமுறையும்தான் விலக்கு. நம் ஆபீஸ் அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்பது கணக்கிலேயே வராது.

அடுத்தது இரண்டாவது பலகையின் கடைசிச் சொல், frei, ஃப்ரை. மளிகைக் கடைப் பொட்டலத்தில் அதற்கு "இல்லாதது" என்று பொருள், பேச்சில் "காலியானது", வேறு சில இடத்தில் "இலவசம்". தடைப் பலகையின் கீழே வந்தால் "இவர்களுக்குத் தடை இல்லை" என்று அர்த்தம். காசுப் பேச்சே அங்கே கிடையாது. வட்டாரத்துப் பார்க்கிங் அட்டையைக் கண்ணாடியில் வைத்திருப்பவருக்கு விலக்கு, மற்ற எல்லாருக்கும் தடை.

"நானும் இந்தத் தெருலதானே மாமா குடியிருக்கேன்? அட்ரஸ் பதிஞ்சாச்சே" என்றான். அட்ரஸைப் பதிவது வேறு, அட்டை வாங்குவது வேறு. அட்டைக்குத் தனியாக விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். அது கைக்கு வரும்வரை, இந்தப் பலகையின் முன் அவனும் வெளியூர்க்காரனும் ஒன்றுதான்.

ஆக, 7 மணிக்கும் 18 மணிக்கும் நடுவில், சனிக்கிழமை 4.40க்கு, தடை நடப்பில் இருக்கிறது. ஆனால் ஒற்றைக் கோடு என்பது பாதித் தடை. மூன்று நிமிஷம் வரை நிற்கலாம், ஆனால் வண்டியை விட்டு அகலக் கூடாது. ஆள் ஏற்றி இறக்கவும், சாமான் இறக்கவும் தேவைப்படுகிற நேரம் நிற்கலாம், சுணங்கக் கூடாது. இரண்டு கோடுகள் பெருக்கல் குறி போல் இருந்தால் அதுவும் கிடையாது. "மொதல்ல அரிசி மூட்டைய எறக்கி உள்ள வை. வச்சிட்டு ஒடனே வண்டிக்கு வா" என்றேன்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "மூணாறு தலைப்புல முறை வக்கிற மாதிரிதான்டா இது" என்றார். வெண்ணாறு மூன்றாகப் பிரியும் இடம் அது. மேட்டூரில் தண்ணீர் குறைவாக இருக்கும் வருஷங்களில் அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று முறை வைத்துத் திறப்பார்கள். எந்த ஆற்றுக்கு, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்று பார்த்துத்தான் அப்பா மடை திறக்க ஆள் அனுப்புவார். அவர் அடுத்துக் கேட்டது எனக்கே உறைத்தது. "நாளும் நேரமும் சொல்றான், சரி. எதுலேருந்து எது வரைக்கும்னு சொல்லணுமே?"

அதுதான் படத்தில் இல்லை. எழுத்து தெளிவாக விழ வேண்டுமென்று கிட்டே போய் எடுத்ததில், வட்டத்தின் இடது ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. அந்த வட்டத்துக்குள்ளேயே வெள்ளையாக ஒரு சின்ன அம்பு இருக்கலாம். அம்பு சாலையைப் பார்த்தால் தடை அங்கே தொடங்குகிறது. நடைபாதையைப் பார்த்தால் அங்கே முடிகிறது. மூட்டையை இறக்கிவிட்டு வந்தவனிடம், "ரெண்டு எட்டு பின்னால போய், வண்டி வர்ற பக்கத்துலேருந்து கம்பம் முழுசும், ஒன் காரும், அடுத்த கம்பமும் தெரியிற மாதிரி எடு" என்றேன்.

இரண்டாவது படத்தில் எல்லாம் விளங்கியது. அம்பு வலது பக்கம், நடைபாதையைப் பார்த்து இருந்தது. தடை அந்தக் கம்பத்தோடு முடிகிறது. அவன் வண்டி கம்பத்துக்கு நாலடி முன்பு, தடைக்குள் நின்றது. கம்பத்தைத் தாண்டி அடுத்த பலகை, நீலத்தில் வெள்ளை P. அதன் கீழே, வந்து நிறுத்திய நேரத்தைக் காட்டக் கண்ணாடியில் வைக்கும் பார்க்கிங் வட்டின் படம், "2 Std.", அதற்கும் கீழே "Mo–Fr 8–18 h". இரண்டு கார் நிற்கும் அளவுக்கு இடம் காலியாகவே கிடந்தது.

ஒரே தெரு, இரண்டு கம்பம், ஆனால் சனிக்கிழமைக்கு இரண்டு பதில். முதல் கம்பத்தில் சனி உண்டு. இரண்டாவதில் திங்கள் முதல் வெள்ளி என்று கிழமையைப் பேர் சொல்லி எழுதியிருப்பதால் சனி இல்லை. அந்த இரண்டு மணி நேர வரம்பு இன்றைக்குப் பொருந்தாது, வட்டும் வைக்க வேண்டாம். (இப்படிக் கிழமைப் பெயர் போட்டிருந்தால், ஈஸ்டர் திங்கள் போன்ற விடுமுறையிலும் பலகை செல்லும் என்றே எடுத்துக்கொண்டு நடப்பேன். விடுமுறை விலக்கு வெர்க்டாக்ஸ் என்ற சொல்லோடு வருவது.)

"அப்ப முன்னால போய் நிறுத்திடவா?" என்றான். இன்னும் ஒன்று பார்க்கச் சொன்னேன். பலகையில் குறித்த நேரம் முடிந்தாலும் சாலையின் பொது விதி போகாது. யார் வீட்டுக் கார் வாசலையும் மறிக்கக் கூடாது, தெரு முக்கிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அப்புறம், வீடு மாற்றுபவர்களுக்காகக் காலில் நிற்கும் தற்காலிகத் தடைப் பலகை பக்கத்தில் இருக்கிறதா, அதில் என்ன தேதி என்று பார்க்கச் சொன்னேன். அந்தத் தேதி வந்துவிட்டால் நிரந்தரப் பலகை என்ன சொன்னாலும் தற்காலிகம்தான் செல்லும், வண்டியை இழுத்துப் போய்விடுவார்கள். சுற்றிப் பார்த்துவிட்டு, எதுவும் இல்லை என்றான்.

வண்டியை முன்னால் எடுத்து நிறுத்திவிட்டு மூன்றாவதாக ஒரு படம் அனுப்பினான். பின் பம்பர் கம்பத்தைத் தாண்டி ஒரு முழம் தள்ளி இருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு?" என்று கேட்டார்.

ஏழரைக்கே வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவேன் தாத்தா என்று குரல் செய்தி வந்தது. இடையில் ஒரு நாள் பகலில் வந்து நிறுத்தினால் வட்டை எப்படி வைப்பது என்றும் அதிலேயே கேட்டிருந்தான். வந்து சேர்ந்த நேரத்துக்கு அடுத்த அரை மணியில் முள்ளை வைக்க வேண்டும் என்று எழுதினேன். 10.05க்கு வந்தால் 10.30. அங்கிருந்து இரண்டு மணி நேரம், 12.30 வரை.