ஏலக்காய் விலையும் வெளியேறாத இன்டெக்ஸும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்கி விற்கும் வியாபாரி ஒருவருக்காக, ஒவ்வொரு ஏலத்தின் சராசரி விலையையும் எடுத்துக்கொண்டு, கடைசி மூன்று ஏலங்களில் எது உச்சம் என்று காட்டும் சிறிய நிரலை எழுதிக் கொடுத்திருந்தேன். சில வாரங்கள் அது சரியாகவே ஓடியது. பிறகு ஒரு மாலை அவர் அழைத்தார்: "தம்பி, நாலு ஏலமா விலை இறங்கிட்டே இருக்கு, உன் கணக்கு மட்டும் ஏன் பழைய இடத்திலேயே நிக்குது?"

அன்று இருந்த விலைகள் 2450, 2610, 2540, 2500, 2480, 2460. கடைசி மூன்றின் உச்சம் 2500 ஆக இருக்க வேண்டும். நிரலோ 2610 என்றது.

நான் பயன்படுத்தியது டெக், அதாவது இரு முனைகளிலும் சேர்க்கவும் நீக்கவும் முடிகிற வரிசை. புதிய விலை வரும்போது, பின்முனையில் அதைவிடக் குறைந்தோ சமமாகவோ உள்ளவற்றின் இன்டெக்ஸ்களை நீக்கிவிட்டு அதன் இன்டெக்ஸைச் சேர்ப்போம். ஆகவே முன்முனையில் எப்போதும் பெரிய விலை இருக்கும். ஆனால் அந்த விலை, கடைசி மூன்று ஏலங்கள் அடங்கிய விண்டோவுக்குள் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும் வரியை நான் எழுதவே இல்லை. இன்டெக்ஸ் 0-இல் தொடங்குவதால் 2610-இன் இன்டெக்ஸ் 1. இன்டெக்ஸ் 4 வந்தபோது விண்டோ 2 முதல் 4 வரை நகர்ந்துவிட்டது. டெக்கிலோ 1, 2, 3, 4 என நான்கும் கிடந்தன. 2610-ஐ எட்டும் ஒரு விலை வரும் வரை அந்த 1 முன்முனையை விட்டு அசையாது.

முதல் வாரங்களில் பிழை தெரியாததற்குக் காரணம், அப்போது விலை ஏறிக்கொண்டே இருந்ததுதான். ஏறும் விலையில் ஒவ்வொரு புதிய எண்ணும் பழையவை அனைத்தையும் பின்முனை வழியாகவே அகற்றிவிடுவதால், காலாவதியாக எதுவும் மிஞ்சுவதில்லை. நான் சோதித்த தரவும் ஏறுமுகமாகவே இருந்தது. விடுபட்ட சரிபார்ப்பைச் சேர்த்த பிறகு, ஒவ்வொரு இன்டெக்ஸ் `i`-க்கும் ஓடும் பகுதி இது; `p` விலைப் பட்டியல், `dq` டெக், `k` விண்டோவின் நீளம், `out` விடைகள்:

```python
while dq and p[dq[-1]] <= p[i]:
    dq.pop()
dq.append(i)
if dq[0] <= i - k:
    dq.popleft()
if i >= k - 1:
    out.append(p[dq[0]])
```

நான்காவது வரியில் `<=` என்பதற்குப் பதிலாக `<` எழுதினால் விண்டோ சத்தமில்லாமல் நான்கு ஏலங்களாகிவிடும். டெக்கின் நீளம் `k`-ஐத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்ப்பதும் போதாது: 2610, 2400, 2450, 2460 என வந்தால் டெக்கில் இரண்டே இன்டெக்ஸ்கள் இருக்கும், முன்னது காலாவதியானதாகவே இருக்கும். ஆகவே, இறங்குமுக விலைகளை இட்டு, ஒவ்வொரு விடையையும் `max(p[i-k+1:i+1])` உடன் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நிரலைத் திருப்பிக் கொடுத்தேன்.

பிறகு அவர் மூன்று ஏலங்களுக்குப் பதிலாகக் கடைசி ஏழு நாள்களின் உச்சம் வேண்டும் என்றார். ஏல எண்ணிக்கையில் ஒரு நகர்வுக்கு ஓர் இன்டெக்ஸ் மட்டுமே காலாவதியாகும் என்பதால் `if` போதுமானது. நாள் கணக்கில் அப்படியில்லை. பண்டிகை விடுமுறையில் ஏலம் நின்று மீண்டும் தொடங்கும் நாளில் இரண்டு மூன்று பழைய விலைகள் ஒன்றாகவே வெளியேற வேண்டியிருக்கும். அதனால் இன்டெக்ஸுக்குப் பதிலாக ஏலம் நடந்த தேதியை ஒப்பிட்டு, அந்த `if`-ஐ `while` ஆக மாற்றினேன்.